மாடியில இருந்து எடுத்த ஒரு தோட்டத்து போட்டோ: டிரிப்பர் எது, ஸ்பிரிங்க்ளர் எது, வால்வு எது

கோயம்புத்தூர்ல தொண்டாமுத்தூர் பக்கம் தோட்டத்தோட ஒரு வீடு வாங்கின டீச்சரம்மா ஒருத்தர், மாடியில நின்னு எடுத்த ஒரு போட்டோவை அனுப்பி, "தம்பி, இதுல எது எதுன்னு சொல்லுங்க, கடைக்குப் போனா என்ன கேக்கறதுன்னே தெரியலீங்க"ன்னு எழுதியிருந்தாங்க. வீட்டை வித்தவங்க கிட்ட பைப் போன வழி காட்டுற வரைபடம் எதுவும் இல்ல, போட்டுக் கொடுத்த ஆளும் போன் எடுக்கல. அவங்க சொன்ன தொந்தரவு நாலு. புல்தரையில வலது ஓரம் மட்டும் காஞ்சு மஞ்சளா கிடக்கு, மாமரத்துக்குத் தண்ணி சுத்தமா போகல, தொட்டிச் செடியெல்லாம் தண்ணி நின்னு அழுகுது, ராத்திரி யாரும் எதையும் திறக்காமலே பிரஷர் பம்ப் அப்பப்ப தானா ஓடி நிக்குது. இந்த நாலுக்குமே காரணம் அந்த போட்டோவுலயும் அப்புறம் நான் கேட்டு வாங்கின சில கிட்டத்து போட்டோலயும் இருந்துச்சு. அதை எப்படி படிச்சோம்ங்கறதைத்தான் முழுசா எழுதறேன், ஏன்னா இதே மாதிரி போட்டோ எனக்கு வாராவாரம் வருது, எல்லாருமே ஒரே இடத்துலதான் குழம்பறாங்க.

அந்தக் குழப்பம் என்னன்னா, போட்டோவைத் திறந்ததும் எல்லாரும் கருப்பா சின்னதா தெரியற ஒவ்வொரு சாமானையும் பெருசு பண்ணி இது என்னவா இருக்கும்னு யோசிக்க ஆரம்பிச்சிடுவாங்க. பாசன சாமான் முக்கால்வாசி கருப்பு பிளாஸ்டிக், முக்கால்வாசி உருண்டை, அதனால வடிவத்தை மட்டும் வச்சுப் பார்த்தா ஏர் வால்வு ஸ்பிரிங்க்ளர் மாதிரி தெரியும், ஓட்டையை அடைக்கற டம்மி, டிரிப்பர் மாதிரி தெரியும், பில்டர் வால்வு மாதிரி தெரியும். நான் முதல்ல சாமானைப் பார்க்கறதே இல்ல, தண்ணி எங்க கிளம்புது, எந்த வழியா போகுது, எங்க மண்ணு நனைஞ்சிருக்கு, இதைத்தான் பார்ப்பேன். ஒரு சாமான் அந்த வழியில எந்த இடத்துல உக்காந்திருக்குன்னு தெரிஞ்சா அது என்னவா இருக்க முடியும்ங்கறது ரெண்டு மூணு பேருக்குள்ள சுருங்கிடும், அதுக்கப்புறம் வடிவத்தைப் பார்த்தா போதும்.

இந்த போட்டோவுல இடது மூலையில சம்ப் மேல பிரஷர் பம்ப், அதுலேர்ந்து வெள்ளை பிவிசி பைப் சுவரோரமா முட்டி உயரத்துல வருது. அந்தப் பைப்புல முதல்ல ஒரு தடியான கருப்பு உருளை, ஒரு பக்கமா சாய்ஞ்சு தொங்குது. அதுக்கப்புறம் பைப் மூணு கிளையா பிரிஞ்சு மண்ணுக்குள்ள இறங்குது. பிரியற இடத்துல கிளைக்கு ஒரு சாமான் இருக்கு, மெயின் பைப் முடியற உச்சியில கவுத்து வச்ச மாதிரி ஒரு சின்ன கருப்பு மூடி. இவ்வளவுதான் மாடியிலேர்ந்து தெரிஞ்சது, ஆனா வேலையில பாதி இதுலயே முடிஞ்சது. பம்புக்கும் கிளைக்கும் நடுவுல ஒத்தையா இருக்கறது பில்டர், கிளை ஒவ்வொண்ணுக்கும் தலையில இருக்கறது வால்வு, மூணு கிளைன்னா மூணு பகுதி.

அளவைப் பத்தி ஒண்ணு சொல்லிடறேன். போட்டோவுல எது எவ்வளவு பெருசுன்னு தெரியாமதான் பாதி தப்பு நடக்குது. தோட்டத்துல எப்பவும் கூடவே இருக்கற ஸ்கேல் செடிகிட்ட ஓடற அந்த கருப்பு லேட்டரல் டியூப்தான், நம்ம ஊர்ல அது பெரும்பாலும் 16 மில்லிமீட்டர், சில வீட்டுல 12. அந்த டியூப்போட அகலத்தை வச்சு பக்கத்துல இருக்கறதை அளந்தாலே போதும். டியூப்ல குத்தின சாமான் டியூப் அகலத்தைவிட சின்னதா, கிட்டத்தட்ட சமமா இருந்தா அது டிரிப்பர் வகை. டியூப்பைவிட மூணு நாலு மடங்கு அகலமா தரையோட தரையா ஒரு வட்டம் தெரிஞ்சா அது புல்தரையில புதைக்கற பாப்அப் வகை. டியூப்பே இல்லாத இடம்னா பக்கத்துல ஒரு ரூபா காசு ஒண்ணு வச்சு எடுக்கச் சொல்லுவேன்.

வால்வு வரிசையைக் கிட்டத்துல எடுக்கச் சொன்னேன். மேலேர்ந்து இல்லாம, உக்காந்து பக்கவாட்டுல எடுக்கணும், ஏன்னா வால்வுல படிக்க வேண்டியதெல்லாம் பக்கத்துலதான் இருக்கு. படம் வந்துச்சு. முதல் ரெண்டு கிளையில இருந்தது கரண்ட்ல திறந்து மூடற சோலனாய்டு வால்வு. இதுல சந்தேகமே வராத அடையாளம் ஒயர்தான், வால்வு மூடிக்கு மேல கட்டைவிரல் தடிமன்ல நிக்கற கருப்பு காயில்லேர்ந்து ரெண்டு ஒயர் வெளிய வரும். ஒயர் மண்ணுக்குள்ள மறைஞ்சிருந்தாக்கூட மூடியைச் சுத்தி வரிசையா ஸ்க்ரூ இருக்கும், உடம்புல தண்ணி போற திசைக்கு அம்புக்குறி இருக்கும். பில்டர்ல அம்புக்குறி இருக்கும், ஆனா மேல சுத்தி ஸ்க்ரூ இருக்காது, கையால திருகிக் கழட்டற பெரிய மூடியோ கிளாம்போதான் இருக்கும், ஏன்னா அதை அடிக்கடி கழட்டிக் கழுவணும். இந்த ஒரு வித்தியாசத்தை வச்சே ரெண்டையும் பிரிச்சிடலாம்.

அந்தப் படத்துல நான் ரொம்ப நேரம் பார்த்தது ஒயரோட நிறம். ஒண்ணு சிவப்பு, ஒண்ணு கருப்பு. ரெண்டு ஒயரும் ஒரே நிறமா இருந்தா அது பெரும்பாலும் 24 வோல்ட் ஏசி காயில், சுவர்ல மாட்டின கரண்ட் கன்ட்ரோலர் கூட வேலை செய்யறது. சிவப்பும் கருப்புமா பிரிச்சுக் கொடுத்திருந்தா பெரும்பாலும் அது டிசி லாட்ச்சிங் காயில், பேட்டரியில ஓடற டைமருக்கு, ஒரு சின்ன பல்ஸ் கொடுத்தா திறந்து அப்படியே நிக்கும், இன்னொரு பல்ஸ் தலைகீழா கொடுத்தா மூடிக்கும், அதனாலதான் பிளஸ் மைனஸ் தெரியறதுக்கு நிறம் மாத்தறாங்க. கடையில போயி வெறுமனே "சோலனாய்டு காயில் கொடுங்க"ன்னு கேட்டா 24 வோல்ட் ஏசிதான் கைக்கு வரும், பேட்டரி டைமர்ல அதை மாட்டினா வால்வு அசையாது, அப்புறம் டைமர்தான் கெட்டுப்போச்சுன்னு அதையும் தூக்கிப் போட்டுப் புதுசு வாங்குவாங்க. நிறம் மட்டும் நூறு சதவீத ஆதாரம் இல்ல, காயில் மேல அச்சடிச்சிருக்கறதைப் படிச்சாகணும், அதனால டீச்சரம்மாவை ஈரத்துணியால தொடைச்சுட்டு அந்த எழுத்தை மட்டும் ஒரு படம் எடுக்கச் சொன்னேன். டிசி லாட்ச்சிங்னு போட்டிருந்துச்சு. பக்கத்து தூண்ல பிளாஸ்டிக் பொட்டிக்குள்ள பேட்டரி டைமர் இருந்ததை அதுக்கப்புறம்தான் அவங்களே கவனிச்சாங்க.

ராத்திரி பம்ப் ஓடறதுக்குக் காரணமும் அதே படத்துலதான். சோலனாய்டு வால்வு மூடியில ஓரமா ஒரு சின்ன பிளாஸ்டிக் ஸ்க்ரூ இருக்கும், ப்ளீட் ஸ்க்ரூ, கரண்டே இல்லாம கையால வால்வைத் திறந்து பார்க்கறதுக்கு அரைச் சுத்து தளத்துற ஸ்க்ரூ. வால்வுக்குள்ள இருக்கற டயாபிரம்ங்கற ரப்பர் சவ்வுக்கு மேல இருக்கற தண்ணி பிரஷர்தான் வால்வை அமுக்கி மூடி வச்சிருக்கு, அந்த ஸ்க்ரூவைத் தளத்தினா மேல இருக்கற பிரஷர் வெளிய போயிடும், வால்வு தூக்கிக்கும். ரெண்டாவது வால்வுல அந்த ஸ்க்ரூ மட்டும் மத்ததைவிட எழும்பி நின்னுச்சு, அதைச் சுத்தி பச்சையா பாசி படிஞ்சிருந்துச்சு. காஞ்ச வெயில்ல நிக்கற ஒரு பிளாஸ்டிக் மூடியில ஒரே இடத்துல பாசி இருக்குன்னா அங்க எப்பவும் ஈரம் இருக்குன்னுதான் அர்த்தம். வால்வு முழுசா மூடாம கசிஞ்சிட்டே இருக்க, லைன்ல பிரஷர் மெதுவா இறங்கி, பம்போட பிரஷர் சுவிட்ச் அதைப் பார்த்துட்டு மோட்டாரைப் போட்டுடுது. "கையாலேயே மெதுவா இறுக்குங்க அக்கா, ஸ்பேனர் வேண்டாம், பிளாஸ்டிக் மரை போயிடும்"னு சொன்னேன். அன்னிக்கு ராத்திரியிலேர்ந்து பம்ப் அமைதியாயிடுச்சு. ஸ்க்ரூவை இறுக்கியும் நிக்கலேன்னா அடுத்து டயாபிரத்துக்கு அடியில மணல் சிக்கியிருக்கான்னு கழட்டிப் பார்க்கணும், இங்க அது தேவைப்படல.

மூணாவது கிளையில ஒயரும் இல்ல, ஸ்க்ரூவும் இல்ல, நீளமா ஒரு கைப்பிடி மட்டும். இது பால் வால்வு. இதுல போட்டோவுலயே திறந்திருக்கா மூடியிருக்கான்னு படிச்சிடலாம், கைப்பிடி பைப் போற திசையிலயே இருந்தா திறந்திருக்கு, பைப்புக்குக் குறுக்க நின்னா மூடியிருக்கு. இதே இடத்துல வட்ட கைப்பிடி சக்கரம் இருந்திருந்தா அது கேட் வால்வு, அதுல வெளியிலேர்ந்து பார்த்து நிலைமையைச் சொல்ல முடியாது. டீச்சரம்மா வீட்டுல கைப்பிடி குறுக்க நின்னுச்சு. அந்தக் கிளைதான் மண்ணுக்குள்ள இறங்கி மாமரத்துப் பக்கம் கருப்பு டியூப்பா எட்டிப் பார்த்துச்சு. மாமரத்துக்குத் தண்ணி போகாததுக்கு முதல் காரணம் அவ்வளவு எளிமையானது, யாரோ மூடி வச்சிருக்காங்க. ஆனா யாரும் சும்மா மூட மாட்டாங்களே, ஏன் மூடினாங்கன்னு தெரியாம திறக்கச் சொல்றது சரியில்லேன்னு மறுபடியும் வால்வு வரிசையைப் பார்த்தேன்.

ரெண்டாவது கிளையில, அதாவது வேலிச்செடிக்குப் போற டிரிப் கிளையில, சோலனாய்டுக்கு அடுத்து விரல் நீளத்துக்கு ஒரு கருப்பு உருளை இருந்துச்சு. ஒயர் இல்ல, கைப்பிடி இல்ல, ஸ்க்ரூ இல்ல, அம்புக்குறி மட்டும் இருக்கு. இது பிரஷர் ரெகுலேட்டர். பாப்அப் ஸ்ப்ரேக்கு 2 கிலோ பிரஷர் வேணும், டிரிப்புக்கு 1 கிலோ போதும், ஒரே பம்புல ரெண்டும் ஓடணும்னா டிரிப் கிளையில ரெகுலேட்டர் போட்டே ஆகணும். மாமரத்துக்குப் போற பைப் கிளையில அந்த உருளை இல்லவே இல்ல. பம்ப் தலையில இருக்கற மீட்டர்ல 3 கிலோ காட்டுச்சு, அந்த 3 கிலோவும் நேரா டிரிப்பர்ல போய் முட்டியிருக்கும், டியூப்ல குத்தின டிரிப்பர் தெறிச்சு வெளிய வந்திருக்கும், அதனாலதான் மூடி வச்சிருக்கணும்னு எனக்குப் பட்டுச்சு. இல்லாத சாமானைக் கண்டுபிடிக்கறதுக்கு இதான் வழி, ஒரு கிளையை இன்னொரு கிளையோட பக்கத்துல வச்சுப் பார்க்கறது.

மெயின் பைப் உச்சியில இருந்த அந்த மூடியை டீச்சரம்மா "உடைஞ்சுபோன ஸ்பிரிங்க்ளர்"னு எழுதியிருந்தாங்க. அது ஏர் ரிலீஸ் வால்வு. லைன்ல இருக்கற உயரமான இடத்துல மட்டும், அடியில செடியோ புல்லோ எதுவும் இல்லாத இடத்துல நிக்குதுன்னா அது தண்ணி தெளிக்கறதுக்கு இல்ல, காத்து போக வர்றதுக்கு. பம்ப் கிளம்பும்போது கொஞ்சம் சீறிட்டு அடங்கிடுச்சுன்னா நல்லா இருக்குன்னு அர்த்தம், அதை அடைக்கக் கூடாது. அடைச்சா, பம்ப் நின்னதும் லைன்ல வெற்றிடம் உண்டாகி டிரிப்பர் ஓட்டை வழியா சேத்துத்தண்ணியை உள்ள இழுத்துக்கும்.

இப்ப புல்தரை. எட்டு மீட்டருக்கு நாலு மீட்டர், கொரியன் புல். மாடி போட்டோவுல ஏழு கருப்பு வட்டம் தெரிஞ்சுது, நீளவாக்குல ஒரு ஓரத்துக்கு மூணு, எதிர் ஓரத்துக்கு மூணு, நாலு மீட்டர் இடைவெளியில, ஏழாவது மட்டும் வரிசையில சேராம நடைபாதை ஓரமா தனியா. பாப்அப் ஹெட் தண்ணி நின்னதும் உள்ள போயிடும், அப்ப எல்லாமே வெறும் வட்டம்தான், வகை சொல்ல முடியாது. அதனால புல்தரை படம்னா ரெண்டு கேட்பேன், தண்ணி ஓடும்போது ஒண்ணு, நின்னப்புறம் ஒவ்வொரு தலையும் நேர் மேலேர்ந்து ஒண்ணு.

மேலேர்ந்து எடுத்த படத்துல நாலு தலை ஒரே மாதிரி. அகலமான மூடி, அதுக்கு நடுவுல விரல் நுனி அளவுக்கு ஒரு சின்ன நாசில், அதுல ஒரு குட்டி ஸ்க்ரூ. இது ஸ்ப்ரே ஹெட். வலது ஓரத்துல இருந்த ரெண்டு தலை வேற மாதிரி, உச்சி முழுக்க ரப்பர் உறை, அதுல அம்புக்குறி, அட்ஜஸ்ட் பண்ற சாவிக்கு சின்ன துளை. இது ரோட்டர். தண்ணி ஓடற படத்துல வித்தியாசம் இன்னும் பளிச்சுன்னு இருந்துச்சு, ஸ்ப்ரே தலையிலேர்ந்து விசிறி விரிச்ச மாதிரி தண்ணி அசையாம நிக்குது, ரோட்டர்லேர்ந்து ஒரே ஒரு தாரை தூரமா போகுது, வீடியோவா எடுத்தா அது மெதுவா திரும்பறது தெரியும். ஒரே தலையிலேர்ந்து மெல்லிசா பல தாரை சேர்ந்து சுத்துனா அது மூணாவது வகை, சுழலும் நாசில், அது இங்க இல்ல.

வலது ஓரம் காயறதுக்குக் காரணம் இதான். ஸ்ப்ரே ஹெட் மணிக்கு சுமார் 40 மில்லிமீட்டர் மழைக்குச் சமமா தண்ணி ஊத்தும், ரோட்டர் சுமார் 10லேர்ந்து 15 மில்லிமீட்டர்தான், அதே தண்ணியைப் பெரிய வட்டத்துக்குப் பரப்பறதால. ரெண்டையும் ஒரே வால்வுல மாட்டினா ரெண்டும் ஒரே நேரம்தான் ஓடும், இடது பக்கம் போதுமான அளவு நனையும்போது வலது பக்கம் அதுல மூணுல ஒரு பங்குதான் கிடைக்கும். போதாக்குறைக்கு ஸ்ப்ரே எட்டற தூரம் நாலு மீட்டர், புல்தரை அகலமும் நாலு மீட்டர், கணக்கு சரியா இருக்கு. ரோட்டர் தாரை அதைத் தாண்டி காம்பவுண்ட் சுவர்ல போய் அடிக்குது. மாடி போட்டோவுல அந்த மூலைச் சுவர்ல மட்டும் வெள்ளையா உப்புக் கறை திட்டு திட்டா இருந்துச்சு, முதல்ல சுண்ணாம்பு உதிர்ந்ததுன்னு நினைச்சு விட்டுடலாம்னு தோணும், ஆனா போர் தண்ணி உப்புத் தண்ணியா இருக்கற ஊர்ல ஸ்பிரிங்க்ளர் எட்டக் கூடாத இடத்துக்கு எட்டுதுங்கறதுக்கு அந்தக் கறையைவிட நல்ல சாட்சி கிடையாது. ஆரம்பத்துல ஆறும் ஸ்ப்ரேதான் இருந்திருக்கணும், ரெண்டு உடைஞ்சப்ப வட்டம் ஒரே மாதிரி இருக்குன்னு யாரோ ரோட்டரை மாட்டிட்டுப் போயிருக்காங்க.

நான் சொன்னதை அப்படியே நம்பச் சொல்லல, டப்பா வச்சுப் பார்க்கச் சொன்னேன். அடியும் வாயும் ஒரே அகலமா இருக்கற டப்பாவா ஆறு எடுத்து, இடது பக்கம் மூணு வலது பக்கம் மூணு வச்சு, 15 நிமிஷம் தண்ணி விட்டுட்டு ஸ்கேலால ஆழத்தை அளக்கறது. இடது டப்பாவுல 9, 11, 10 மில்லிமீட்டர். வலது பக்கம் 3, 4, 2. டப்பா சாய்வா இருந்தா கணக்கு தப்பும், ஸ்டீல் டம்ளர் மாதிரி மேல விரிஞ்சதும் ஆகாது. டீச்சரம்மா அதை நோட்டுல எழுதி படம் எடுத்து அனுப்பிச்சாங்க, ரெண்டு ரோட்டரைக் கழட்டிட்டு ஸ்ப்ரே ஹெட் வாங்கணும்னு அதோட முடிவாயிடுச்சு. மூலையில இருக்கறதால ரெண்டுக்கும் கால் வட்டம், அதாவது 90 டிகிரி, நாலு மீட்டர் நாசில். வாங்கறதுக்கு முன்னாடி ரோட்டரைக் கழட்டி அடியில இருக்கற மரை அளவைப் பார்க்கணும், ஸ்ப்ரே ஹெட் பெரும்பாலும் அரை இஞ்சு, ரோட்டர் முக்கா இஞ்சு, நடுவுல ஒரு ரெட்யூசர் தேவைப்படும். இங்க தேவைப்பட்டுச்சு.

ஏழாவது வட்டத்தை விட்டுட்டேன். அதுல நாசில் இல்ல, ஒரு பக்கமா கீல் வச்ச ரப்பர் மூடி. தூக்கிப் பார்த்தா உள்ள பித்தளை வாய். இது குவிக் கப்ளர் வால்வு, சாவியைச் செருகித் திருப்பினா ஹோஸ் மாட்டிக்கலாம். புல்தரையில இருக்கறதால ஸ்பிரிங்க்ளர்னு எண்ணிடுவாங்க, இது வேலையே செய்யலேன்னு தோண்டி எடுத்தவங்களைப் பார்த்திருக்கேன். வரிசையில சேராம நடைபாதை ஓரமா இருந்ததுதான் இங்க முதல் துப்பு.

டிரிப் பக்கம் வருவோம். வேலிச்செடி வரிசையில ஒரு கருப்பு டியூப் படுத்திருக்கு, அதுமேல எதுவுமே குத்தி இருக்கல. டீச்சரம்மா அதை வெறும் பைப்னு நினைச்சிருந்தாங்க. ஆனா மாடி போட்டோவுலேயே டியூப்போட கூடவே மண்ணுல வட்ட வட்டமா ஈரம், சம இடைவெளியில. ஈரம் சம இடைவெளியில வந்தா அது இன்லைன், டிரிப்பர் டியூப்புக்குள்ளயே இருக்கும், வெளிய ஊசி முனை அளவுக்கு ஒரு ஓட்டை மட்டும்தான், அதுவும் பலநேரம் அடிப்பக்கமா திரும்பியிருக்கும். டியூப்பைக் கொஞ்சம் உருட்டி ரெண்டு ஓட்டைக்கு நடுவுல அளக்கச் சொன்னேன், 40 சென்டிமீட்டர். ஈரம் செடி இருக்கற இடத்துல மட்டும் முன்ன பின்ன வந்தா அது ஆன்லைன், கையால குத்தினது. ஈர வட்டம் வரிசையில நடுவுல ஒண்ணு ரெண்டு காணோம்னா அங்க அடைச்சிருக்கு. இதை போட்டோவுல படிக்கணும்னா தண்ணி நின்ன அரை மணி நேரத்துக்குள்ள எடுக்கணும், அதுக்கப்புறம் கோயம்புத்தூர் வெயில்ல எல்லாம் ஒரே நிறமாயிடும்.

தொட்டிச் செடிக்கு வேலி லைன்லேர்ந்து மெல்லிய மைக்ரோ டியூப் எடுத்து, நுனியில சிவப்புத் தொப்பி வச்ச ஒரு சின்ன தலை. தொப்பிக்கு அடியில சுத்தி எட்டு ஓட்டை, எட்டு பக்கமும் தண்ணி கம்பி கம்பியா பாயும். இது அட்ஜஸ்டபிள் டிரிப்பர், தொப்பியைத் திருகத் திருக சொட்டுலேர்ந்து மணிக்கு 70 லிட்டர் வரைக்கும் போகும். இதுல நிறத்தை வச்சு அளவு சொல்லவே முடியாது, தொப்பி எவ்வளவு தளர்ந்திருக்குன்னுதான் பார்க்கணும். படத்துல தொப்பிக்கும் உடம்புக்கும் நடுவுல மரை நல்லாவே தெரிஞ்சுது, அதாவது கிட்டத்தட்ட முழுசா திறந்து கிடக்கு. வேலிச்செடிக்கு வேண்டிய ஒரு மணி நேரம் இதுவும் கூடவே ஓடினா தொட்டி என்னாகும். தொப்பியைச் சொட்டு சொட்டா விழற வரைக்கும் இறுக்கச் சொன்னேன், ஆனா இந்த வகை இறுக்கின நிலையில உப்புல சீக்கிரம் அடையும், அதனால தொட்டிக்கு மணிக்கு 2 லிட்டர் டிரிப்பரா மாத்தறதுதான் நிரந்தரம்னும் சொல்லிட்டேன்.

மாமரம்தான் ரொம்ப சுவாரசியமா இருந்துச்சு. மரத்தைச் சுத்தி வளையமா டியூப், அதுல நாலு கருப்பு பொத்தான். "நாலு டிரிப்பர் இருக்குங்க, நாலும் அடைச்சிடுச்சு போல"ன்னு டீச்சரம்மா. கிட்டத்துல எடுத்த படத்துல நாலும் ஒண்ணு இல்ல. ரெண்டுக்கு நடுவுல சின்ன வாய் இருந்துச்சு, வாயைச் சுத்தி வெள்ளையா உப்பு, மூடியில அச்சுல 4ங்கற எண்ணு. மத்த ரெண்டுல வாயே இல்ல, உச்சி வழவழன்னு மூடியிருக்கு, உப்பும் இல்ல. அது ரெண்டும் டம்மி, தெறிச்சுப்போன டிரிப்பர் இருந்த ஓட்டையை அடைக்க வச்சது. உப்பு படியணும்னா தண்ணி வெளிய வந்து காத்துல காயணும், அதனால உப்புத் தண்ணி ஊர்ல பல வருஷம் ஆன லைன்ல வெள்ளையே இல்லாத ஒரு பொத்தான் இருந்தா எனக்கு உடனே டம்மின்னுதான் சந்தேகம் வரும். ரெண்டு டம்மி இருந்தது, ரெகுலேட்டர் இல்லாததால டிரிப்பர் தெறிச்சிருக்கும்னு நினைச்சதோட சரியா பொருந்திச்சு.

ஒண்ணு மட்டும் எந்த போட்டோவாலயும் சொல்ல முடியாது, அந்த ரெண்டு டிரிப்பர் பிரஷர் காம்பன்சேட்டிங் வகையா சாதா வகையாங்கறது. உள்ள சிலிகான் ரப்பர் தட்டு இருந்தா பிரஷர் ஏறினாலும் இறங்கினாலும் ஒரே அளவு சொட்டும், இல்லேன்னா பிரஷரோட கூடும் குறையும், வெளியிலேர்ந்து ரெண்டும் ஒரே பொத்தான்தான். நிறத்தை நம்பி சொல்றவங்களும் இருக்காங்க, ஒரு கம்பெனியில சிவப்புன்னா ஒரு அளவு, இன்னொரு கம்பெனியில அதே சிவப்பு வேற அளவு, அதனால நான் நிறத்தை எடுத்துக்கறதே இல்ல. அளந்துதான் பார்க்கணும். மணிக்கு 4 லிட்டர்னா நிமிஷத்துக்கு 67 மில்லி, 2 லிட்டர்னா 33 மில்லி. டானிக் பாட்டில் கூட வர்ற அளவு மூடியோ மருந்துக்கடை சிரிஞ்சோ ஒண்ணு இருந்தா போதும்.

பால் வால்வைப் பாதி மட்டும் திறக்காதீங்க, முழுசா திறந்து ரெண்டே நிமிஷத்துல அளந்துட்டு மூடிடுங்கன்னு சொன்னேன், பாதி திறந்தா எந்த பிரஷர்ல அளந்தோம்னு தெரியாமப் போயிடும். முதல் டிரிப்பர்ல நிமிஷத்துக்கு 115 மில்லி, ரெண்டாவதுல 20 மில்லி. 20 வந்தது உப்பு அடைப்பு. 115ங்கறது மணிக்கு 6.9 லிட்டர், 4 லிட்டர் டிரிப்பர் அவ்வளவு கொடுக்குதுன்னா அது சாதா வகை. சாதா டிரிப்பர்ல தண்ணி பிரஷரோட வர்க்கமூலத்துக்கு ஏத்த மாதிரி கூடும், 1 கிலோவுல 4 லிட்டர்னா 3 கிலோவுல 4ஐ 1.73ஆல பெருக்கணும், 6.9தான் வருது. மீட்டர் காட்டின 3 கிலோவும் டிரிப்பர் வரைக்கும் குறையாம வருதுங்கறது இதுலயே உறுதியாயிடுச்சு. பிரஷர் காம்பன்சேட்டிங் வகையா இருந்திருந்தா 67 பக்கத்துலயே நின்னிருக்கும்.

கடைக்கு எழுதிக் கொடுத்த சீட்டு சின்னதுதான். மாமரத்துக் கிளைக்கு 1 கிலோ பிரஷர் ரெகுலேட்டர் ஒண்ணு, 90 டிகிரி நாலு மீட்டர் நாசிலோட ஸ்ப்ரே ஹெட் ரெண்டு, அதுக்கு ரெட்யூசர் ரெண்டு, மாமரத்துக்கு மணிக்கு 4 லிட்டர் ஆன்லைன் டிரிப்பர் நாலு, தொட்டிக்கு 2 லிட்டர் டிரிப்பர் தொட்டிக்கு ஒண்ணு. காயிலும் டைமரும் வாங்கவே தேவையில்ல. டம்மி பிடுங்கின ஓட்டையில புது டிரிப்பரைச் செருகாதீங்க, ஓட்டை விரிஞ்சிருக்கும், டம்மியை அப்படியே விட்டுட்டு ஒரு சாண் தள்ளி புதுசா பஞ்ச் போடுங்கன்னு மட்டும் தனியா சொன்னேன். அடைச்ச டிரிப்பர் கழட்டற மாதிரி இருந்ததால தூக்கிப் போடாம வினிகர்ல ஊற வச்சுக் கழுவி வச்சிருக்காங்க.

மாட்டினப்புறம் மறுபடியும் டப்பா வச்சப்ப வலது பக்கம் 9, 10, 8 மில்லிமீட்டர் வந்துச்சு. மாமரத்துல நாலு டிரிப்பரும் 64லேர்ந்து 69 மில்லிக்குள்ள. வலது ஓரம் கடைசி டப்பாவுல மட்டும் கொஞ்சம் குறையுது, அந்த மூலை ஹெட் லேசா சாய்ஞ்சிருக்கறது புதுசா அனுப்பின படத்துல தெரியுது, சுத்தி மண்ணைத் தோண்டி நேரா நிமித்தி மிதிச்சு விடச் சொல்லியிருக்கேன்.